புது ஏர்கோன் வந்தால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? கட்டணப் படிகளை வைத்து ஒரு கணக்கு

ஒரு ஹார்ஸ்பவர் ஏர்கோன் மாதம் எவ்வளவு பில் இழுக்கும் என்று கேட்டால், அதற்கு ஒரே பதில் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் தனியாக ஒரு ஸ்டூடியோ வீட்டில் இருப்பவருக்கு 23 ரிங்கிட் வரலாம். செந்தூலில் அடுக்குமாடியில் இருக்கும் நான்கு பேர் குடும்பத்துக்கு 50 ரிங்கிட். பட்டர்வொர்த்தில் இரட்டை மாடி வீட்டில் ஏற்கனவே இரண்டு ஏர்கோன் ஓடும் குடும்பத்துக்கு 70 ரிங்கிட்டைத் தாண்டும். மூன்று வீட்டிலும் அதே மெஷின், அதே எட்டு மணி நேரம், அது இழுக்கும் மின்சாரமும் அதே அளவு. விலை மட்டும் ஏன் மாறுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் வீட்டு மின்கட்டணம் போடும் முறையே மாறிவிட்டது. ஆனால் பலர் இன்னும் பழைய படிக்கட்டு விலையை மனத்தில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40 சென், அதற்கு மேல் 51.60 சென் என்று போகும் பட்டியல் அது. இணையத்தில் தேடினால் அந்தப் பட்டியல் இன்னும் வந்து நிற்கும். அதை மறந்துவிடலாம். (சபா, சரவாக் வீடுகளுக்கு வேறு கட்டணம். கீழே வரும் எண்கள் அங்கே பொருந்தாது.)

முதலில் யூனிட்

பில்லில் கிலோவாட் மணி, அதாவது kWh, என்று இருப்பதைத்தான் நாம் யூனிட் என்கிறோம். 1000 வாட் இழுக்கும் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் பொருள் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். ஆகவே ஒரு பொருளின் மாத யூனிட்டைக் கண்டுபிடிக்க வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, 1000ஆல் வகுத்து, 30ஆல் பெருக்கினால் போதும்.

ஏர்கோனில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒட்டியிருக்கும் தகட்டில் 800 வாட் என்று போட்டிருந்தால், இரவு முழுக்க அது 800 வாட் இழுக்கிறது என்று அர்த்தமில்லை. இன்வெர்ட்டர் வகை, அறை சூடாக இருக்கும் முதல் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடும். அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விடியற்காலையில் பாதிக்கும் கீழே போய்விடும். கதவிடுக்கு அடைத்த சின்ன அறையில் 25, 26 டிகிரியில் வைத்தால் இரவு முழுவதற்குமான சராசரி 500 வாட் என்று எடுத்துக்கொள்ளலாம். மேற்கே பார்த்த அறை, மாலை வெயிலில் சுட்ட சுவர், 18 டிகிரி என்றால் இந்தச் சராசரி எடுபடாது. தகட்டில் உள்ள எண்ணையே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

500 வாட்டை எட்டு மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு இரவுக்கு 4 யூனிட். மாதத்துக்கு 120 யூனிட். இனி இந்த 120ஐ வைத்துக்கொண்டே போவோம்.

ஹார்ஸ்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர்கோனில் ஒரு ஹார்ஸ்பவர் என்பது குளிரூட்டும் அளவுக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பேர். கிட்டத்தட்ட 9000 பிடியு. அது இழுக்கும் மின்சாரத்தை அந்தப் பேர் சொல்லாது. ஒரு ஹார்ஸ்பவர் மெஷின்களிலேயே ஒன்று 650 வாட் இழுக்கும், இன்னொன்று 900 வாட் இழுக்கும். வாட் எண்ணைத் தேடிப் பாருங்கள், அல்லது நட்சத்திர லேபிளைப் பாருங்கள். லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது சோதனைக்கென்று வைத்த மணிக்கணக்குக்கு வரும் எண். உங்கள் வீட்டுப் பயன்பாடு அப்படியே அதில் இருக்காது. இரண்டு மெஷினில் எது குறைவாக இழுக்கும் என்று ஒப்பிட அது நல்ல எண். பில்லைக் கணிக்க அல்ல.

அடுத்து விலை

இப்போதுள்ள பில்லில் ஒரு யூனிட்டின் விலை மூன்று துண்டாக வரும். சாஜ் தெனாகா, அதாவது மின்சாரத்துக்கான விலை, 27.03 சென். சாஜ் காப்பாசிதி, மின் உற்பத்தித் திறனுக்கான விலை, 4.55 சென். சாஜ் ரங்கையன், கம்பி வழிக்கான விலை, 12.85 சென். மூன்றையும் கூட்டினால் 44.43 சென். மாதம் 1500 யூனிட் வரை எல்லா வீட்டுக்கும் இதுதான் அடிப்படை விலை. அதற்கு மேலே போகும் வீடுகளுக்கு முதல் துண்டு 37.03 சென் ஆகிவிடும்; அவ்வளவு பெரிய வீடு இந்தக் கட்டுரைக்கு வெளியே.

எல்லாருக்கும் 44.43 சென் என்றால் படி எங்கே இருக்கிறது? கழிவில் இருக்கிறது. மாதம் 1000 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தள்ளுபடி உண்டு. பில்லில் இன்செந்திஃப் செக்காப் தெனாகா என்று கழித்தல் குறியோடு வரும் வரி அதுதான். குறைவாகப் பயன்படுத்தினால் யூனிட்டுக்குக் கழிவு அதிகம். கூடக் கூட கழிவு தேய்ந்துகொண்டே வரும்.

| மாத யூனிட் | கழிவு (சென்) | கழித்த பின் ஒரு யூனிட் (சென்) |
|---|---|---|
| 1–200 | 25.0 | 19.43 |
| 201–250 | 24.5 | 19.93 |
| 251–300 | 22.5 | 21.93 |
| 301–350 | 21.0 | 23.43 |
| 351–400 | 17.0 | 27.43 |
| 401–450 | 14.5 | 29.93 |
| 451–500 | 12.0 | 32.43 |
| 501–550 | 10.5 | 33.93 |
| 551–600 | 9.0 | 35.43 |
| 601–650 | 7.5 | 36.93 |

அதற்கு மேலும் இதே போலத் தேய்ந்து, 901 முதல் 1000 வரை வெறும் அரை சென் கழிவு. 1000ஐத் தாண்டினால் அதுவும் இல்லை.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய முறையில் மேல் படியின் விலை, அந்தப் படிக்குள் விழுந்த யூனிட்டுகளுக்கு மட்டும்தான். 310 யூனிட் ஓடினால் கடைசிப் பத்து யூனிட்டுக்கு மட்டுமே 51.60 சென், கீழே உள்ள 300 யூனிட்டின் விலையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். புதிய முறையில் அப்படி இல்லை. நீங்கள் எந்தப் படியில் போய் நிற்கிறீர்களோ அந்தப் படியின் கழிவுதான் அந்த மாதத்தின் எல்லா யூனிட்டுக்கும். 310 யூனிட் என்றால் 310க்கும் 23.43 சென். முதல் 200க்கு 19.43 சென் என்ற சலுகை உங்களுக்குத் தனியாக நிற்காது.

இந்த ஒரு வித்தியாசத்தால்தான் "யூனிட்டை விலையால் பெருக்கு" என்ற எளிய கணக்கு புதுப் பொருள் விஷயத்தில் தப்பாகிறது.

செந்தூல் வீட்டுக் கணக்கு

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாமியார் அறையில் ஏர்கோன் போட வேண்டும். கடையில் ஒரு பையன் அவருடைய பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆண்டி, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிகூட வராது, பயப்படாமல் போடுங்க" என்று சொல்லியிருக்கிறான். அக்கா பில்லோடு வந்து, "தம்பி, இவன் சொல்றது நிஜமா?" என்று கேட்டார்.

அவருடைய பில்லில் 280 யூனிட், 61 ரிங்கிட் 40 சென். பையன் போட்ட கணக்கு கண்ணுக்குத் தெரிகிறது. 61.40ஐ 280ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 21.93 சென். ஏர்கோன் இரவுக்கு 4 யூனிட்; நாலு தடவை 21.93 என்றால் 88 சென். ஒரு வெள்ளிக்குள்தான். மாதத்துக்கு 26 ரிங்கிட் சொச்சம். கூட்டல் பெருக்கலில் தப்பே இல்லை. அவன் பொய்யும் சொல்லவில்லை.

ஆனால் ஏர்கோன் வந்த பிறகு அந்த வீடு 280இல் நிற்காதே. 280ம் 120ம் 400. பட்டியலில் 400 யூனிட் எந்த வரியில் வருகிறது? 351–400. அங்கே விலை 27.43 சென். ஆகவே புதிய பில்லை முழுசாகப் போட வேண்டும்:

```
முன்பு:  280 x 0.2193 =  61.40
பின்பு:  400 x 0.2743 = 109.72
ஏற்றம்:                   48.32
```

இதோடு இன்னொன்று சேரும். மாதம் 300 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கென்று 1.6 விழுக்காடு பிடிப்பார்கள். பில்லில் KWTBB என்று வரும். அக்கா இதுவரை 300க்குள் இருந்ததால் அந்த வரியே அவர் பில்லில் இல்லை. இனி ஏறக்குறைய 2 ரிங்கிட் அதற்குப் போகும். எல்லாம் சேர்ந்து மாதம் 50 ரிங்கிட். பையன் சொன்னதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அந்த 48.32 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஏர்கோனின் 120 யூனிட்டுக்குப் புதிய விலையில் 32.92. மீதி 15.40 ஏர்கோனுக்கு இல்லை. வீட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஃபேன், விளக்கு, பிரிஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்த 280 யூனிட்டும் 21.93 சென்னிலிருந்து 27.43 சென்னுக்கு ஏறியதால் வந்தது. யூனிட்டுக்கு ஐந்தரை சென், 280 தடவை. பழைய பொருள்கள் ஒன்றும் அதிகமாக ஓடவில்லை. ஆனால் அவற்றின் விலையை ஏர்கோன் ஏற்றிவிட்டது. அந்தப் பணத்தையும் ஏர்கோன் தலையில்தான் எழுத வேண்டும், ஏனென்றால் ஏர்கோன் இல்லாவிட்டால் அது வந்திருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பொருள் வருவதற்கு முன்னால் உள்ள முழு பில்லைப் போடுங்கள், வந்த பின்னால் வரும் முழு பில்லைப் போடுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். பொருளை மட்டும் தனியாக எடுத்துப் பழைய விலையால் பெருக்கினால், படி மாறும் வீட்டில் விடை குறைவாகத்தான் வரும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன மற்ற இரண்டு வீடுகளும் புரியும். ஸ்டூடியோ வீட்டுக்காரர் மாதம் 60 யூனிட்தான் ஓட்டுகிறார். 120 சேர்ந்தால் 180, இன்னும் 200க்குள்ளேயே. படி மாறவில்லை, ஆகவே 120 தடவை 19.43 சென், 23 ரிங்கிட் 32 சென், அவ்வளவுதான். பட்டர்வொர்த் வீடு 520இலிருந்து 640க்குப் போகிறது. 520 யூனிட்டுக்கு 33.93 சென் வீதம் 176 ரிங்கிட் 44 சென். 640க்கு 36.93 சென் வீதம் 236 ரிங்கிட் 35 சென், அதோடு 600ஐத் தாண்டியதால் வரும் சில்லறைக் கட்டணம் 10 ரிங்கிட். ஏற்றம் 70 ரிங்கிட், வரிகளோடு 72 போல வரும்.

மாதம் 1050 யூனிட் ஓட்டும் பங்களா வீடு ஒன்று அதே ஏர்கோனை வாங்கினால்? அந்த வீட்டுக்கு இழக்கக் கழிவே இல்லை. 120 யூனிட்டும் நேராக 44.43 சென், வரிகளோடு 58 ரிங்கிட்டைச் சுற்றி வரும். பட்டர்வொர்த் வீட்டைவிடக் குறைவு! ஓட்டுவது குறைவோ அதிகமோ, அதைவிட நீங்கள் எந்தப் படியின் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான் புதுப் பொருளின் விலையைத் தீர்மானிக்கிறது. சத்தமில்லாமல் அதிகம் கொடுப்பது நடுப் படிகளில் இருக்கும் சாதாரணக் குடும்பங்கள்தான்.

விளிம்பில் நின்றால்

அக்காவின் கணக்கு சரியாக 400இல் போய் நின்றதைக் கவனித்தீர்களா? நல்ல இடம் இல்லை அது. ஒரே ஒரு யூனிட் கூடி 401 ஆனால் விலை 29.93 சென், பில் 109.72இலிருந்து 120.02க்குப் போகிறது. ஒரு யூனிட்டுக்கு 10 ரிங்கிட் 30 சென். ஒரு யூனிட் என்றால் என்ன, ஏர்கோனை ஒரு இரவு இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டால் போதும்.

எல்லா விளிம்பும் ஒரே உயரமில்லை. 200இலிருந்து 201க்குப் போகும்போது கழிவு அரை சென்தான் குறைகிறது. ஒரு வெள்ளி சொச்சத்தோடு போய்விடும். ஆனால் 350இலிருந்து 351க்குப் போனால் கழிவு ஒரேயடியாக 4 சென் விழும், பில் 82 ரிங்கிட்டிலிருந்து 96 ரிங்கிட் 28 சென்னுக்குத் தாவும். கழிவு விளிம்புகளில் எல்லாவற்றையும்விட உயரம் 600. 600 யூனிட்டுக்கு 212 ரிங்கிட் 58 சென். 601க்கு 231 ரிங்கிட் 95 சென். கழிவு குறைவதோடு, 600 வரை விட்டுக்கொடுத்திருந்த சாஜ் பெருஞ்சித்தான், அதாவது மேலே சொன்ன சில்லறைக் கட்டணம், 10 ரிங்கிட்டும் அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. 600க்கு மேல் உள்ள யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. மாதா மாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டல், AFA என்பார்கள், அதுவும் 600ஐத் தாண்டிய வீடுகளுக்குத்தான். அது சில மாதம் கூடும், சில மாதம் குறையும். கணிப்பில் அதைச் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

புதுப் பொருளைச் சேர்த்த பிறகு உங்கள் எண் ஏதாவது விளிம்புக்குப் பத்து யூனிட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வந்தால், ஒரே விடையை நம்பாதீர்கள். இரண்டு படிக்கும் பில்லைப் போட்டு, "இதிலிருந்து இதுவரை" என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு நான் சொன்னதும் அதுதான்: மாதம் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயில் மாதத்தில் 60ஐத் தாண்டும். "அப்ப டைமர் வெச்சு அஞ்சு மணிக்கு நிறுத்திடறேன்" என்றார். எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஏழு. விடியற்காலையில் மெஷின் மெதுவாகத்தான் ஓடும் என்பதால் அந்தக் கடைசி மணி நேரத்தில் மிச்சமாவது அரை யூனிட்டுக்கும் குறைவுதான். நாளுக்கு 0.3 யூனிட் என்று வைத்தாலும் மாதம் 9 யூனிட். 400 விளிம்பைத் தாண்டாமல் இருக்க அந்த 9 போதும்.

அடிப்படை எண்ணை எங்கே எடுப்பது

இந்தக் கணக்கில் தப்பு வருவது பெரும்பாலும் ஏர்கோன் பக்கம் இல்லை, "முன்பு" என்ற எண்ணில்தான். ஒரே ஒரு பில்லை எடுத்து அதை வைத்துக்கொண்டால் சறுக்கும். தீபாவளிக்கு முந்திய மாதம் பலகாரத்துக்கு ஓவன் ஓடியிருக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருந்திருப்பார்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போன மாதம் சும்மா கிடந்திருக்கும். குறைந்தது மூன்று மாதப் பில்லையாவது எடுங்கள். myTNB செயலியில் பழைய மாதங்கள் வரிசையாக இருக்கும்.

பில்லில் தேதியையும் பாருங்கள். மீட்டர் வாசிப்பு சில மாதம் 28 நாளில் வரும், சில மாதம் 33 நாளில் வரும். 33 நாளுக்கு 308 யூனிட் என்றால் நீங்கள் 300ஐத் தாண்டும் வீடு என்று பயப்பட வேண்டாம். 308ஐ 33ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 280தான். அப்புறம், மீட்டரை வாசிக்க ஆள் வராமல் உத்தேசமாகப் போட்ட பில் என்றால் பில்லிலேயே அதற்குக் குறிப்பு இருக்கும். பூட்டிய கிரில் கேட்டுக்கு உள்ளே பழைய மீட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போட்ட பிறகு சரிபார்ப்பது

ஏர்கோனைச் சுவர் பிளக்கில் செருகுவதில்லை, தனிச் சுவிட்சோடு கம்பி இழுத்து வைப்பார்கள். ஆகவே கடையில் விற்கும் பிளக் மீட்டரை வைத்து அதை அளக்க முடியாது. வேறு வழி இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடு என்றால் செயலியில் நாள்வாரி யூனிட் தெரியும். ஏர்கோன் போட்ட மூன்று நான்கு நாளையும், போடாத மூன்று நான்கு நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம்தான் ஏர்கோன். ஸ்மார்ட் மீட்டர் இல்லையென்றால் படுக்கப் போகும்போதும் காலையில் எழுந்ததும் மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் இல்லாத இரவிலும் அப்படியே. பிரிஜ் இரண்டு இரவும் ஓடும், ஃபேனும் ஓடும். கழிக்கும்போது அவை போய்விடும்.

4 யூனிட் என்று நினைத்த இடத்தில் 6 வந்தால், கம்ப்ரஸர் வேகத்தைக் குறைக்கவே இல்லை என்று அர்த்தம். அறைக்குப் பொருந்தாத சின்ன மெஷின், அடைபட்ட ஃபில்டர், கேஸ் குறைவு, சாத்தாத ஜன்னல், இவற்றில் ஒன்றாக இருக்கும். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை. ஒரு இரவுக்கு 6 யூனிட் என்றால் மாதம் 180. அக்கா வீட்டில் 280ம் 180ம் 460 ஆகும், 32.43 சென் வீதம் 149 ரிங்கிட் 18 சென். ஏற்றம் 50இலிருந்து 90க்கு மேல் போய்விடும். அளந்து பார்ப்பது வீண் வேலை இல்லை.

ஸ்மார்ட் மீட்டர் வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் என்று ஒரு வழியும் உண்டு. வார நாள்களில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 வரை மின்சார விலை கொஞ்சம் கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் குறைவு. இரவு பத்துக்கு மேல்தான் ஏர்கோன் என்ற வீட்டுக்கு யூனிட்டுக்கு இரண்டரை சென்னைப் போல மிச்சமாகும். மாலை முழுக்க வீட்டில் ஆள் இருந்து சமையலும் துணி துவைப்பதும் அப்போதுதான் என்றால் அந்த மிச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

மற்ற பொருள்கள்

வாட்டர் ஹீட்டர் ஏர்கோனுக்கு நேர்மாறு. 3600 வாட் என்று பார்த்ததும் பயம் வரும், ஆனால் ஓடும் நேரம் கொஞ்சம். நான்கு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், முழுச் சூட்டில் குளித்தால் நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72. பாதிச் சூட்டில் வைத்தால் 40க்குள். இங்கே வாட்டைவிட நிமிடத்தைத்தான் பார்க்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீடுகள் பத்து நிமிடம் என்று எழுதாமல் உண்மையான நேரத்தை எழுதுவது நல்லது.

பிரிஜுக்கு வாட்டைப் பார்க்கவே வேண்டாம். அது நாள் முழுக்கச் செருகியிருந்தாலும் கம்ப்ரஸர் விட்டுவிட்டுத்தான் ஓடும். லேபிளில் உள்ள வருட யூனிட்டை 12ஆல் வகுத்தால் போதும். ஏர்கோனுக்குப் பொருந்தாத லேபிள் எண் பிரிஜுக்கு நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் யாரும் பிரிஜை எட்டு மணி நேரம் மட்டும் போடுவதில்லை. வருடம் 300 யூனிட் என்றால் மாதம் 25. பிரிஜ் பிளக்கில் செருகும் பொருள் என்பதால் பழையதைப் பிளக் மீட்டரில் இரண்டு நாள் விட்டு அளந்துகொள்ளலாம்.

பழைய பிரிஜ் மாதம் 60 யூனிட் இழுக்கிறது, புதியது 25 என்று வைத்துக்கொள்வோம். குறைவது 35 யூனிட். மாதம் 400 யூனிட் ஓடும் வீட்டில் அது 365 ஆகும். படி மாறவில்லை, மிச்சம் 9 ரிங்கிட் 60 சென். அதே பிரிஜை 370 யூனிட் வீட்டில் மாற்றினால் 335 ஆகி, 350 விளிம்புக்குக் கீழே இறங்கிவிடும். 101 ரிங்கிட் 49 சென் பில் 78 ரிங்கிட் 49 சென் ஆகும். மிச்சம் 23 ரிங்கிட். இந்த வீட்டுக்காரர் பிரிஜுக்குக் கொடுத்த காசை அந்த வீட்டுக்காரரைவிடப் பாதி நாளுக்குள் எடுத்துவிடுவார்.